ஒரு குலை, இரண்டு பொருள்: செம்பனை ஆலையின் பிரிநிலைக் கணக்கு

 

ஜார்ஜ் டவுனிலிருந்து அக்கரைக்குப் போய், பட்டர்வொர்த்திலிருந்து தெற்கே நிபோங் திபால் பக்கம் வண்டியை விட்டால் செம்பனைத் தோட்டங்கள் வந்துவிடும். இந்த அவையில் பாதிப் பேருக்காவது அந்தத் தோட்டங்களோடு ஒரு தலைமுறை உறவு இருக்கும். குலை அறுத்தவர்கள், உதிரிப் பழம் பொறுக்கியவர்கள், லாரி ஓட்டியவர்கள், ஆலையில் கொதிகலன் பார்த்தவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்தக் குலை ஆலைக்குள் போன பிறகு அதன் செலவை எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு குலையிலிருந்து விற்கத்தக்க பொருள்கள் இரண்டு வருகின்றன. பழத்தின் சதையிலிருந்து செம்பனை எண்ணெய், கொட்டைக்குள்ளிருந்து பருப்பு. குலையை வாங்கக் கொடுத்த பணம் ஒன்றுதான். அதை வேகவைத்த நீராவியும் ஒன்றுதான். எண்ணெய்க்கு மட்டும் குலை வாங்க முடியாது, பருப்புக்கு மட்டும் வாங்கவும் முடியாது. இப்படி ஒரே மூலப்பொருளிலிருந்து, ஒரே வேலையில், தவிர்க்க முடியாமல் சேர்ந்து பிறப்பவற்றை இணைப்பொருள்கள் என்கிறோம். அவற்றுள் ஒன்றின் மதிப்பு மற்றதன் பக்கத்தில் மிகச் சிறியதாக இருந்தால் அது துணைப்பொருள். அவை தனித்தனியாக அடையாளம் காணத்தக்கவையாகும் கட்டம் பிரிநிலை. அதுவரை ஆன செலவு கூட்டுச் செலவு. அதற்குப் பின் ஒவ்வொன்றுக்கும் ஆவது தனிச் செலவு. இந்தச் சொற்களைத் தாண்டி வேறு கலைச்சொல் அதிகம் தேவைப்படாது.

முதலில் பிரிநிலை எங்கே இருக்கிறது என்று ஆலைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். இதில் தவறினால் பின்னால் போடும் கணக்கு எல்லாம் தவறு.

எடைமேடையில் நிறுத்த குலை, தரம் பார்த்து இறக்கப்பட்டு, புழுக்கும் கலனுக்குள் போகிறது. சுமார் மூன்று பார் அழுத்தமுள்ள நீராவியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வேகிறது. எண்ணெயைக் கெடுக்கும் நொதி அப்போது அடங்குகிறது, பழம் காம்பை விட்டுத் தளர்கிறது. அடுத்து, சுழலும் பெரிய உருளைக்குள் குலை மோதி மோதிப் பழம் உதிர்கிறது. வெற்றுக்குலை ஒரு பக்கமாக வெளியேறுகிறது. உதிர்ந்த பழத்தைச் சூடாக மசித்துத் திருகு அழுத்தியில் பிழிகிறார்கள். இந்த அழுத்தியின் வாயில்தான் பாதை இரண்டாகிறது. கீழே எண்ணெயும் நீரும் சேறும் கலந்த குழம்பு வடிகிறது. முன்பக்கம் நாரும் கொட்டையும் கலந்த பிண்ணாக்கு தள்ளப்பட்டு வருகிறது. குழம்பு தெளிவுத் தொட்டிகளுக்குப் போய் எண்ணெயாகிறது. பிண்ணாக்கிலிருந்து காற்றால் நார் பிரிக்கப்பட்டு, கொட்டை உடைக்கப்பட்டு, ஓடும் பருப்பும் நீரிலோ களிமண் கரைசலிலோ பிரிந்து, பருப்பு உலர்த்தப்படுகிறது.

ஆகவே அழுத்தியே பிரிநிலை. குலை விலை, தரம் பார்க்கும் கூலி, புழுக்கல், உதிர்த்தல், மசித்தல், பிழிதல் ஆகியவை கூட்டுச் செலவு. தெளிவுத் தொட்டிகளின் செலவு எண்ணெயைச் சேரும். கொட்டை உடைக்கும் பகுதியின் மின்சாரமும் பழுதும் உலர்த்தலும் பருப்பைச் சேரும். கேட்கும்போது எளிதாகத் தோன்றுகிறது. நடைமுறையில், ஆலைக்குள் நடப்பதையெல்லாம் "ஒரு டன் குலைக்கு இவ்வளவு பதப்படுத்தும் செலவு" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கட்டினால் பருப்புப் பகுதிக்கு உண்மையில் என்ன செலவு என்பதே யாருக்கும் தெரியாமல் போகும். அந்தப் பகுதிக்குத் தனி மின்மானி இருக்கிறதா என்று கேட்டாலே போதும், கணக்கு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று தெரிந்துவிடும்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலைகள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. விகிதங்கள் மலேசிய ஆலைகளுக்குப் பொருந்துபவை. 1,000 டன் குலை வருகிறது. டன்னுக்கு 760 ரிங்கிட் வீதம் 7,60,000 ரிங்கிட். பிழியும் வரை பதப்படுத்த 50,000. கூட்டுச் செலவு மொத்தம் 8,10,000. கிடைப்பது 20 சதவீத எண்ணெய், அதாவது 200 டன். 5 சதவீதப் பருப்பு, அதாவது 50 டன். எண்ணெய் டன் 4,100 ரிங்கிட்டுக்கும் பருப்பு டன் 2,400 ரிங்கிட்டுக்கும் விற்கின்றன. பிரிநிலைக்குப் பின் இரண்டுக்கும் தனித்தனியே 20,000 ரிங்கிட் செலவு.

பழைய முறை எடையைப் பார்ப்பது. 200 டன்னும் 50 டன்னும் என்றால் ஐந்தில் நான்கு பங்கு எண்ணெய்க்கு, ஒரு பங்கு பருப்புக்கு. எண்ணெயின் தலையில் 6,48,000. பருப்பின் தலையில் 1,62,000. பருப்பு விற்று வருவது 1,20,000. தனிச் செலவு 20,000 போக மிஞ்சுவது 1,00,000. பங்காக வந்த 1,62,000ஐக் கழித்தால் 62,000 ரிங்கிட் நட்டம்! எண்ணெயோ 1,52,000 லாபம் காட்டுகிறது. இந்த அறிக்கை மேலாளர் மேசைக்குப் போகிறது. பருப்புப் பகுதி மாதாமாதம் நட்டம், இயந்திரத்துக்குப் பழுது வேறு, மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் அது நியாயமாகவே படும்.

மூடினால் என்ன ஆகும்? குலைக்குக் கொடுத்த பணம் ஒரு சென்னும் குறையாது. நீராவியும் குறையாது. பருப்பு தந்துகொண்டிருந்த 1,00,000 மட்டும் நின்றுபோகும். இரண்டும் சேர்ந்து 90,000 லாபம் பார்த்த ஆலை, எண்ணெயை மட்டும் விற்று 10,000 நட்டத்தில் இறங்கும். பருப்பின் தலையில் எழுதிய 1,62,000 எங்கும் போகாது. முழுவதும் எண்ணெயிடம் திரும்பிவிடும். பிரிநிலைக்கு முந்தைய செலவு, பிரிநிலைக்குப் பிந்தைய எந்த முடிவுக்கும் சாட்சி சொல்லாது. இன்று நான் வலியுறுத்த வந்தது இந்த ஒன்றைத்தான். பாடநூல்கள் இதைச் சொல்கின்றன, பட்டதாரிகள் தேர்வில் எழுதுகிறார்கள், பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து பருப்புக்கு நட்டக் கணக்கு தயாரிக்கிறார்கள். அது எனக்கு வருத்தம் தருகிறது.

எடைக்குப் பதில் மதிப்பைப் பார்ப்பது இரண்டாவது முறை. பிரிநிலையில், அதாவது அழுத்தியின் வாயில், ஈரக் கொட்டைக்கும் எண்ணெய்க் குழம்புக்கும் சந்தை கிடையாது. எனவே கடைசியில் விற்கும் விலையிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். விற்பனை வருமானத்தில் தனிச் செலவைக் கழித்தால் கிடைப்பது தேறும் நிகர மதிப்பு. எண்ணெய்க்கு 8,20,000இல் 20,000 போக 8,00,000. பருப்புக்கு 1,00,000. எட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் 8,10,000ஐப் பிரித்தால் எண்ணெய்க்கு 7,20,000, பருப்புக்கு 90,000. இப்போது எண்ணெயில் 80,000 லாபம், பருப்பில் 10,000 லாபம். மொத்தம் அதே 90,000.

மூன்றாவது, பருப்பைத் துணைப்பொருளாக வைப்பது. அதன் தேறும் மதிப்பான 1,00,000ஐக் கூட்டுச் செலவிலிருந்து கழித்துவிட்டு, மிச்சம் 7,10,000 முழுவதையும் எண்ணெய் சுமக்கும். பருப்புக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மொத்த லாபம் இங்கும் 90,000.

மூன்று முறையிலும் மொத்தம் மாறாதபோது எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கலாம். எல்லாவற்றையும் விற்றுவிட்டால் மாறாது. மாதக் கடைசியில் தொட்டியில் எண்ணெய் நின்றால் மாறும். 50 டன் எண்ணெய் விற்காமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு முறையில் ஒரு டன்னின் அடக்கவிலை 3,700, இருப்பு 1,85,000. துணைப்பொருள் முறையில் 3,650; இருப்பு 1,82,500. எடை முறையில் 3,340, இருப்பு 1,67,000. அதே தொட்டி, அதே எண்ணெய், 18,000 ரிங்கிட் வித்தியாசம். அந்த 18,000 இந்த மாத லாபத்தில் ஏறுமா அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகுமா என்பதை முறைதான் தீர்மானிக்கிறது. வருடக் கடைசியில் முறையை மாற்றினால் லாபத்தை நகர்த்தலாம் என்பது இதிலிருந்தே புரியும்.

அதனால்தான் இருப்புகளுக்கான மலேசிய நிதி அறிக்கைத் தரம் 102, கூட்டுச் செலவை அறிவுக்குப் பொருந்திய, மாறாத ஓர் அடிப்படையில் பிரிக்கச் சொல்கிறது. பொருள்கள் தனித்தனியாக அடையாளம் காணப்படும் கட்டத்திலோ உற்பத்தி முடிந்த பிறகோ உள்ள விற்பனை மதிப்பை அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டுகிறது. துணைப்பொருள் பெரும்பாலும் அற்ப மதிப்புடையது; அதைத் தேறும் நிகர மதிப்பில் எடுத்து முதன்மைப் பொருளின் செலவில் கழிக்கலாம் என்கிறது. பருப்பு அற்பமா இல்லையா என்று அது சொல்லாது. அதை ஆலையின் கணக்காளர்தான் சொல்ல வேண்டும், காரணத்தோடு.

பருப்பின் கதையே இதற்கு நல்ல பாடம். மலாயாவில் செம்பனையை வணிகப் பயிராக முதலில் நட்டது 1917இல், சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில். நெடுங்காலம் நம் நாட்டில் மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்கவில்லை. தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய்ப் பூங்கொத்தில் மகரந்தப் பொடி தூவ வேண்டியிருந்தது. 1981இல் கமெரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து ஜொகூரில் விட்டார்கள். சில ஆண்டுகளில் அது நாடு முழுக்கப் பரவியது. பூக்கள் நன்றாகக் காய் பிடித்தன. காய் பிடித்த பழத்தில்தான் பருப்பு இருக்கும் என்பதால் பருப்பு விளைச்சல் எகிறியது. ஆலைகள் கொட்டைப் பகுதியைப் பெரிதாக்க வேண்டியதாயிற்று. இணைப்பொருள்களின் விகிதத்தை ஆலை முதலாளி மாற்றவில்லை, பொறியாளர் மாற்றவில்லை. அரிசி அளவுகூட இல்லாத ஒரு வண்டு மாற்றியது. அதற்கு முன் பருப்பை அற்பம் என்று வைத்திருந்த கணக்காளர் தம் முறையை மறுபடி எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

விலையும் அப்படித்தான். பருப்பு எண்ணெய் சதை எண்ணெயைப் போன்றதே அல்ல. அது தேங்காய் எண்ணெயின் இனம். சோப்புக்கும் சலவைப் பொருளுக்கும் போகும். பிலிப்பீன்ஸில் தேங்காய் குறைந்தால் நிபோங் திபாலில் பருப்பு விலை ஏறும். நம் கணக்கில் பருப்பு டன் 3,600 ரிங்கிட்டுக்கு ஏறியதாக வைப்போம். தேறும் மதிப்பு 1,60,000. மொத்தம் 9,60,000இல் பருப்பின் பங்கு ஆறில் ஒன்று. இந்தப் பங்கை அற்பம் என்று சொல்லத் துணிவு வேண்டும். குலை விலை இன்னும் மாறாத வாரத்தில் கணக்குப் போட்டால் எண்ணெயின் அடக்கவிலை டன்னுக்கு 3,700இலிருந்து 3,475ஆக இறங்கும். எண்ணெய்ப் பகுதியில் யாரும் சிக்கனம் செய்யவில்லை, ஒரு திருகாணியும் மாறவில்லை. எங்கோ தென்னை காய்க்காததால் இங்கே எண்ணெயின் "செலவு" 225 ரிங்கிட் குறைந்தது. மதிப்பு முறையின் எல்லை இதுதான். அதை நான் ஆதரிக்கிறேன், ஆனால் அது தரும் எண்ணை ஆலையின் திறமைக்கு அளவுகோலாக வைப்பதை ஆதரிக்கவில்லை. திறமையை அறிய நாரில் தங்கிய எண்ணெய் எவ்வளவு, ஓட்டோடு போன பருப்பு எவ்வளவு என்று ஆய்வகத்தைக் கேட்க வேண்டும்.

அழுத்தியிடமே இன்னொரு முறை போவோம். அங்கே ஒரு கூம்பு இருக்கிறது. அதன் அழுத்தத்தைக் கூட்டினால் நாரிலிருந்து இன்னும் கொஞ்சம் எண்ணெய் வரும். கூடவே கொட்டையும் அதிகமாக உடையும். உடைந்த பருப்புத் துணுக்கு நாரோடு பறந்து கொதிகலனில் எரிந்துவிடும். அழுத்தத்தைக் கூட்டியதில் 1,000 டன் குலைக்கு 1 டன் எண்ணெய் கூடி, 1.5 டன் பருப்பு போகிறது என்று கொள்வோம். எண்ணெய் 4,100, பருப்பு 2,400 என்றால் வந்தது 4,100, போனது 3,600. 500 ரிங்கிட் ஆதாயம். பருப்பு 3,600ஆக இருக்கும்போது போனது 5,400. 1,300 ரிங்கிட் நட்டம். ஆக, கூம்பை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு அன்றைய இரண்டு விலைகளும் வேண்டும், அவ்வளவுதான். கூட்டுச் செலவைப் பங்கு போட்ட எந்த எண்ணும் வேண்டாம். எடை முறையில் பருப்பு நட்டம் என்று படித்துப் பழகிய ஆலையில் கூம்பு இறுகித்தான் இருக்கும். ஓட்டில் பருப்பு குறைகிறது, நாரில் துணுக்கு கூடுகிறது என்று ஆய்வகத் தாள் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தத் தாளும் கணக்குத் தாளும் ஒரே மேசையில் சந்திப்பதில்லை.

ஓட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பருப்பை எடுத்த பின் மிஞ்சும் ஓடும், சதையைப் பிழிந்து மிஞ்சும் நாரும் ஆலைக் கொதிகலனின் எரிபொருள். பல காலமாக இவற்றுக்கு விலை கிடையாது; பாதைக்குப் போட்டார்கள், மிச்சத்தை எரித்தார்கள். 2012இல் ஜப்பான் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு உறுதி விலை அறிவித்த பின், அங்குள்ள உயிரெரிபொருள் மின் நிலையங்கள் ஓட்டைத் தேடி வாங்கத் தொடங்கின. கழிவு துணைப்பொருளாயிற்று. விற்கும் ஓட்டின் வருமானத்தைக் கூட்டுச் செலவில் கழிப்பது எளிது. எரிக்கும் ஓட்டை என்ன செய்வது? வெளியே விலை போகும் ஓட்டை உள்ளே எரித்தால் அந்த நீராவி இலவசம் அல்ல. அந்த நீராவி குலையைப் புழுக்கவும் போகிறது, பருப்பை உலர்த்தவும் போகிறது. ஓட்டுக்குச் சந்தை விலை போட்டு எழுதிய ஆலைக்குத்தான், நாரை மட்டும் எரித்து ஓட்டை மிச்சம் பிடிக்க முடியுமா, நீராவி எங்கே கசிகிறது என்ற கேள்விகள் எழும்.

இதே பினாங்கில் இன்னொரு தொழில் இதைவிடப் பழைய பாடத்தை விட்டுச் சென்றிருக்கிறது. டத்தோ கிராமாட் சாலையில் ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் ஆலையும், அக்கரையில் பட்டர்வொர்த் ஆலையும் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத் தாதுவை உருக்கின. உருக்கி எடுத்த பின் மிஞ்சிய கசடுக்குக் கணக்கில் மதிப்பே இல்லை. முழுச் செலவையும் ஈயம் சுமந்தது. அந்தக் கசட்டில் டாண்டலம் என்ற உலோகம் இருந்தது. மலாயாக் கசட்டில் குறைவாக, தாய்லாந்துக் கசட்டில் கூடுதலாக. 1970களின் கடைசியில் மின்னணுத் தொழிலுக்காக டாண்டலம் விலை பாய்ந்தபோது, பூக்கெட்டில் பாதைக்கும் வீட்டுக்கும் அடியில் நிரப்பிய கசட்டைத் தோண்டி எடுத்தார்கள். அங்கே அதைப் பிரிக்கக் கட்டிய ஆலை மாசு பற்றிய அச்சத்தில் 1986 ஜூன் 23 அன்று மக்களால் எரிக்கப்பட்டது. கணக்கியலுக்கு வேண்டியது இதன் முன்பாதி: விற்று முடிந்த ஈயத்தின் மேல் எழுதிய செலவைத் திருப்பி எடுத்துக் கசட்டின் தலையில் வைக்க வழியில்லை. வகைப்பாடு அன்றைய சந்தையின் தீர்ப்பு. சந்தை மாறினால் அன்றிலிருந்து கணக்கும் மாற வேண்டும். பழைய பக்கங்களைத் திருத்த வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஆலைக்குள். ஆலைக்கு வெளியே எடைமேடையில் நிற்கும் சிறுதோட்டக்காரருக்கு இந்தக் கணக்கில் பங்கு உண்டு. எனக்கு மிகவும் அக்கறை உள்ள பகுதி இதுதான்.

ஆலையின் கூட்டுச் செலவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குலை விலை. அந்தக் குலை விலை எங்கிருந்து வருகிறது? எண்ணெய், பருப்பு விலைகளிலிருந்து. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம், எண்ணெய் பிழிதிறனில் ஒரு சதவீதத்துக்கு இத்தனை ரிங்கிட் என்று குலைக்கு மேற்கோள் விலை வெளியிடுகிறது. உங்கள் குலை 20 சதவீதம் என்று தரம் பிரித்தால் அந்த விலையை 20ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். பருப்பின் வருமானம் தனியாக எழுதப்படுவதில்லை. அந்த ஒரு சதவீத விலைக்குள்ளேயே அடங்கி வருகிறது. நம் எடுத்துக்காட்டில் டன் 760 ரிங்கிட், 20 சதவீதம். ஆக ஒரு சதவீதத்துக்கு 38 ரிங்கிட். தேறும் மதிப்பில் ஒன்பதில் ஒரு பங்கு பருப்புடையது என்பதால் அந்த 38இல் 4 ரிங்கிட்டுக்குச் சற்று மேல் பருப்பின் பணம்.

இதுவும் ஒரு கூட்டுத் தொகையைப் பங்கு போடும் முறைதான். பருப்பில் வந்த பணத்தைத் தோட்டக்காரர்களுக்கு எண்ணெயின் அளவை வைத்துப் பிரித்துக் கொடுக்கிறது. பழம் வளரும் ஒழுங்கை நினைத்துப் பாருங்கள்: கொட்டைக்குள் பருப்பு முதலில் முற்றுகிறது, சதையில் எண்ணெய் ஏறுவது அதற்குப் பின், கடைசி வாரங்களில். சற்று முன்கூட்டி அறுத்த குலையில் எண்ணெய் குறைவு, பருப்பு ஏறக்குறைய முழுசு. அந்தக் குலையை 18 சதவீதம் என்று வெட்டினால் டன்னுக்கு 76 ரிங்கிட் போகிறது; அதில் 8 ரிங்கிட்டுக்கு மேல் பருப்பின் பங்கு. பருப்பு குறையாமலே அதன் பணமும் வெட்டப்படுகிறது. பச்சைக் காய் அறுப்பதைத் தடுக்க இந்த வெட்டு உதவுகிறது, ஒரே எண்ணால் எடைமேடையில் வேலை முடிகிறது என்பதெல்லாம் நியாயமான காரணங்கள். அதனால் முறையை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் வெட்டுப்படுவது எது என்று விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய இழப்பு வேறு இடத்தில் நடக்கலாம். பருப்பு 2,400இலிருந்து 3,600க்கு ஏறும்போது, ஆலை தன் செலவையும் லாபத்தையும் அப்படியே வைத்துக்கொண்டால் 1,000 டன் குலைக்கு 8,20,000 கொடுக்க முடியும். ஒரு சதவீதத்துக்கு 41 ரிங்கிட். இடையில் குலை வாங்கும் வியாபாரி, எண்ணெய் விலை மாறவில்லையே என்று காட்டி அதே 38ஐக் கொடுத்தால், டன்னுக்கு 60 ரிங்கிட் தோட்டக்காரரிடமிருந்து போகிறது. மாதம் 6 டன் அறுக்கும் ஒருவருக்கு அது 360 ரிங்கிட். நாளிதழில் அவர் பார்ப்பது எண்ணெய் விலை மட்டும். பருப்பு விலையைப் பார்க்கும் பழக்கம் நம் சிறுதோட்டக்காரர்களிடம் மிகக் குறைவு. அது தமக்குச் சம்பந்தமில்லாத ஆலைச் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள்.

ஆகவே இந்த மேடையிலிருந்து இரண்டு பேரிடம் வேண்டுகோள் வைக்கிறேன். ஆலைகளில் கணக்கு எழுதும் இளைஞர்களே, கொட்டைப் பகுதிக்குத் தனிக் கணக்கு வையுங்கள். பருப்பைத் துணைப்பொருள் என்று எழுதியிருந்தால் கடந்த 12 மாத விலையை எடுத்து அதன் பங்கைக் கணக்கிட்டுப் பாருங்கள். பங்கு ஆறில் ஒன்றை நெருங்கினால் மேலாளரிடமும் தணிக்கையாளரிடமும் அதை எழுத்தில் சொல்லுங்கள். குலை விற்கும் தோட்டக்காரர்களே, ரசீதில் எடையும் தொகையும் மட்டும் இருந்தால் போதாது. எத்தனை சதவீதம் என்று தரம் பிரித்தார்கள், ஒரு சதவீதத்துக்கு என்ன விலை போட்டார்கள் என்று எழுதி வாங்குங்கள். அந்த வார எண்ணெய் விலையோடு பருப்பு விலையையும் பார்த்துவிட்டு எடைமேடைக்குப் போங்கள்.